தேதிக்கு நேரான தமிழ் மாதத்தைக் காட்டுவது எப்படி? மாதப் பிறப்பு அட்டவணை பற்றிய கேள்வி பதில்கள்

ஜனவரி 14 என்றால் தை 1, ஏப்ரல் 14 என்றால் சித்திரை 1 என்று நிரலில் நேரடியாக எழுதிவிட்டால் போதாதா? எதற்கு அட்டவணை?

போதாது. பொங்கல் தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே காரணம் தெரியும். 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தை 1 ஜனவரி 14 அன்று வந்தது. 2019, 2020 ஆண்டுகளில் ஜனவரி 15. 2021, 2022 மீண்டும் 14. 2023, 2024 மீண்டும் 15. 2025இல் 14, 2026இல் 15. ஜனவரி 14 என்று எழுதி வைத்த நிரல் இந்தப் பத்து ஆண்டுகளில் ஐந்து முறை போகி அன்றே பொங்கலைக் காட்டியிருக்கும்.

பிழை அந்த ஒரு நாளோடு முடிவதும் இல்லை. மாதத்தின் முதல் நாள் தவறினால் அந்த மாதத்தின் எல்லா நாள்களும் ஒன்று தள்ளிப்போகும். ஆடி 18 தவறும், மார்கழி 1 தவறும், அழைப்பிதழில் அச்சடித்த தமிழ்த் தேதியும் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் ஒத்துப்போகாது. ஆடி 18 பெரும்பாலும் ஆகஸ்ட் 3 அன்று வரும், ஆனால் 2020இல் ஆகஸ்ட் 2 அன்று வந்தது. ஆடிப்பெருக்கு விழாவை அறிவிக்கும் கோயில் தளத்துக்கு அந்த ஒரு நாள் மிகப் பெரிய வேறுபாடு.

ஒரே மாதம் ஏன் ஓர் ஆண்டு 14ஆம் தேதியும் இன்னோர் ஆண்டு 15ஆம் தேதியும் பிறக்கிறது?

தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழைவதை வைத்துப் பிறக்கிறது. அந்த நுழைவுதான் சங்கராந்தி. அது பகலில் நடக்கலாம், நள்ளிரவிலும் நடக்கலாம். எந்தப் பகலை மாதத்தின் முதல் நாளாகக் கொள்வது என்பதற்குத் தமிழ்நாட்டில் வழங்கும் விதி எளிமையானது. சூரியன் மறைவதற்கு முன் சங்கராந்தி நடந்தால் அன்றே மாதம் 1. மறைந்த பிறகு நடந்தால் மறுநாள்தான் மாதம் 1.

சூரியன் எல்லா ராசிகளையும் ஒரே வேகத்தில் கடப்பதில்லை. மிதுனத்தைக் கடக்க ஏறத்தாழ 31.6 நாள் ஆகிறது. தனுசுவைக் கடக்க 29.3 நாள்தான். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருந்து வேகமாக நகர்கிறது; மார்கழி குறுகியதாகவும் ஆனி நீண்டதாகவும் இருப்பது அதனால்தான். இப்படி முழு எண்ணாக இல்லாத கால அளவின் மேல் சூரிய மறைவு விதியையும் வைக்கும்போது, மாதத்தின் நீளம் 29 முதல் 32 நாள் வரை மாறுகிறது. ஆகவே தமிழ் மாதத்துக்கு ஆங்கில மாதம்போல ‘இதற்கு இத்தனை நாள்’ என்ற நிலையான கணக்கே கிடையாது.

அட்டவணையில் என்னென்ன இருக்க வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு கிடைக்குமா?

ஒரு மாதத்துக்கு ஒரு வரி, அதில் இரண்டே தகவல்: மாதம் பிறக்கும் ஆங்கிலத் தேதியும் மாதத்தின் பெயரும். விசுவாவசு ஆண்டுக்கான (2025–26) பட்டியல் இது. வாக்கியப் பஞ்சாங்க முறையைப் பின்பற்றுகிறது.

| மாதம் பிறக்கும் தேதி | மாதம் | நாள்கள் |
|---|---|---|
| 2025-04-14 | சித்திரை | 31 |
| 2025-05-15 | வைகாசி | 31 |
| 2025-06-15 | ஆனி | 32 |
| 2025-07-17 | ஆடி | 31 |
| 2025-08-17 | ஆவணி | 31 |
| 2025-09-17 | புரட்டாசி | 31 |
| 2025-10-18 | ஐப்பசி | 30 |
| 2025-11-17 | கார்த்திகை | 29 |
| 2025-12-16 | மார்கழி | 30 |
| 2026-01-15 | தை | 29 |
| 2026-02-13 | மாசி | 30 |
| 2026-03-15 | பங்குனி | 30 |
| 2026-04-14 | (அடுத்த ஆண்டுச் சித்திரை) | |

மூன்றாம் பத்தி கணக்குக்குத் தேவையில்லை. சரிபார்க்க உதவும் என்பதால் இங்கே இருக்கிறது.

கடைசி வரியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி எங்கே முடிகிறது என்பதை நிரல் அந்த ஒரு வரியிலிருந்துதான் அறிகிறது. அது இல்லாவிட்டால், பட்டியலைப் புதுப்பிக்க மறந்த ஆண்டில், 2026 ஜூலை 1 அன்று உங்கள் தளம் ‘பங்குனி 109’ என்று காட்டிக்கொண்டிருக்கும்.

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையிலேயே எழுதுங்கள். 05-06-2025 என்று எழுதினால் அது ஜூன் 5ஆ, மே 6ஆ என்று மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். 2025-06-05 என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. இன்னொரு வசதி, இந்த வடிவில் உள்ள தேதிகளை வெறும் எழுத்துகளாக ஒப்பிட்டாலும் முன்பின் வரிசை சரியாகவே வரும்.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் ஒரு தேதிக்கு நேரே தமிழ்த் தேதி வரவேண்டும். என்ன வாய்பாடு?

மேலே உள்ள பட்டியலை A2 முதல் B14 வரை இடுங்கள்: A பத்தியில் தேதி, B பத்தியில் மாதப் பெயர். பதின்மூன்றாம் வரியின் பெயர்க் கட்டத்தில் ‘பட்டியல் முடிந்தது’ என்று எழுதி வையுங்கள். பார்க்க வேண்டிய தேதி D2இல் இருந்தால்:

```
மாதம்:  =VLOOKUP(INT(D2), $A$2:$B$14, 2, TRUE)
நாள்:   =INT(D2) - VLOOKUP(INT(D2), $A$2:$A$14, 1, TRUE) + 1
```

இதில் உயிர்நாடி கடைசியில் உள்ள `TRUE`. கொடுத்த தேதியே பட்டியலில் இல்லாவிட்டாலும், அதற்கு முன் வரும் மிக அண்மைத் தேதியை எடுத்துக்கொள் என்று அது சொல்கிறது. பழக்கத்தில் `FALSE` என்று எழுதிவிட்டால் மாதப் பிறப்பு நாள்களுக்கு மட்டும் விடை வரும், மற்ற நாள்களுக்கெல்லாம் `#N/A` வரும். பன்னிரண்டு நாள்களுக்கு மட்டும் சரியாக வேலை செய்யும் தாளைக் கண்டால் முதலில் இதைப் பாருங்கள்.

`TRUE` சரியாக வேலை செய்ய A பத்தி ஏறுவரிசையில் இருக்க வேண்டும். யாராவது மாதப் பெயரை வைத்து அகர வரிசையில் அடுக்கிவிட்டால் வாய்பாடு பிழை என்று சொல்லாது. அமைதியாகத் தவறான மாதத்தைக் காட்டும்.

அடுத்த சிக்கல், தேதிபோலத் தோன்றும் எழுத்துகள். வேறிடத்திலிருந்து ஒட்டிய தேதிகள் பல நேரம் தேதியாகப் பதிவாகாமல் எழுத்தாகவே இருந்துவிடும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து, வலப்பக்கம் ஒட்டி நின்றால் தேதி என்பது நீங்கள் ஒழுங்கமைவை மாற்றாதவரை நம்பத்தக்க அடையாளம். உறுதியாக அறிய `=ISNUMBER(A2)` என்று போட்டுப் பாருங்கள். `INT` எதற்கு என்றால், D2இல் நேரமும் சேர்ந்திருக்கலாம். அது இல்லாவிட்டால் நாள் எண் 12.4 என்பதுபோலப் பின்னமாக வரும்.

இணையதளத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு செய்ய எவ்வளவு நிரல் எழுத வேண்டும்?

பத்து வரி போதும்.

```js
const START = [
  ["2025-04-14", "சித்திரை"],
  // ... இடைப்பட்ட மாதங்கள் ...
  ["2025-12-16", "மார்கழி"],
  ["2026-01-15", "தை"],
  ["2026-02-13", "மாசி"],
  ["2026-03-15", "பங்குனி"]
];
const END = "2026-04-14";

function tamilDate(iso) {
  if (iso < START[0][0] || iso >= END) return null;
  let i = START.length - 1;
  while (START[i][0] > iso) i--;
  const ms = Date.parse(iso) - Date.parse(START[i][0]);
  return { month: START[i][1], day: ms / 86400000 + 1 };
}
```

2026 ஜனவரி 14ஐக் கொடுத்துப் பார்ப்போம். தேடல் பட்டியலின் அடியிலிருந்து தொடங்குகிறது. பங்குனி மார்ச் 15, நம் தேதிக்குப் பிந்தியது, மேலே போ. மாசி பிப்ரவரி 13, அதுவும் பிந்தியது. தை ஜனவரி 15, அதுவும் ஒரு நாள் பிந்தியது. அடுத்து மார்கழி டிசம்பர் 16. இது முந்தியது, ஆகவே தேடல் நிற்கிறது. டிசம்பர் 16இலிருந்து ஜனவரி 14 வரை இடைவெளி 29 நாள். ஒன்று கூட்டினால் 30. விடை மார்கழி 30, அதாவது போகி.

அந்த ‘ஒன்று கூட்டு’வதைத்தான் பலரும் விடுகிறார்கள். மாதம் பிறந்த நாளில் இடைவெளி பூஜ்யம், ஆனால் அந்த நாளின் பெயர் 1. கூட்டாமல் விட்டால் தை 0 என்று வரும். மாத முதல் நாளில் சோதிக்காமல் இடையில் ஏதோ ஒரு நாளில் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது.

பட்டியலுக்கு வெளியே உள்ள தேதிக்கு `null` திரும்புவது வேண்டுமென்றே செய்தது. அப்போது பக்கத்தில் தமிழ்த் தேதி இருக்கும் இடம் காலியாக இருக்கட்டும். காலியிடத்தைப் பார்த்தவர் உங்களுக்குச் சொல்வார். தவறான தேதியைப் பார்த்தவர் அதை நம்பிவிடுவார்.

தை 1 அன்று காலை 5 மணிக்குத் தளத்தைத் திறந்தால் இன்னும் மார்கழி 30 என்றே காட்டுகிறது. பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது. ஏன்?

உங்கள் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. நமக்கு ஜனவரி 15 பிறந்து காலை 5:30 ஆகும்வரை சர்வருக்கு ஜனவரி 14தான். பிழை நாள்தோறும் நள்ளிரவு முதல் விடியற்காலை வரை இருக்கும், அதன் பிறகு தானாக மறைந்துவிடும். புகார் விடியற்காலையில் வருகிறது, நீங்கள் பத்து மணிக்குப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் காரணம் இதுவே.

தீர்வு, ‘இன்று’ என்பதை இந்திய நேரத்தில் கேட்டு வாங்குவது:

```js
const today = new Intl.DateTimeFormat("en-CA", {
  timeZone: "Asia/Kolkata",
  year: "numeric", month: "2-digit", day: "2-digit"
}).format(new Date());
```

`en-CA` என்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். தேதியை 2026-01-15 என்ற வடிவில் தருவதால் அது இங்கே பயன்படுகிறது. எல்லா உலாவியிலும் இந்த வடிவம் மாறாமல் வர வேண்டும் என்ற கவலை இருந்தால் `formatToParts` கொண்டு ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியே எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். `toISOString()` கொண்டு தேதியை வெட்டி எடுப்பது மட்டும் கூடாது. அது எப்போதும் உலகப் பொது நேரத்தையே தரும், அதனால் அதே 5:30 மணிச் சிக்கல் திரும்பி வரும்.

நேரத்தைத் திருத்திய பிறகும் பழைய தேதியே நின்றால், பக்கம் தற்காலிகச் சேமிப்பிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். தமிழ்த் தேதி உள்ள பக்கத்தின் சேமிப்பு இந்திய நள்ளிரவில் காலாவதி ஆக வேண்டும். சர்வரின் கணக்கில் அது மாலை 18:30.

தொடக்கத் தேதிகளுக்குப் பதிலாக மாத நீளங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏப்ரல் 14இலிருந்து கூட்டிக்கொண்டே போகலாமா?

ஓராண்டின் நீளங்களை அந்த ஆண்டுக்கு மட்டும் பயன்படுத்தினால் விடை சரியாகவே வரும். ஆனால் நீளப் பட்டியலை வைத்திருப்பவர்கள் அதை எல்லா ஆண்டுக்கும் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான்.

விசுவாவசு ஆண்டின் நீளங்களை எடுத்து, 2023 ஏப்ரல் 14 அன்று பிறந்த சோபகிருது ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். விசுவாவசுவில் வைகாசி 31, ஆனி 32, ஆடி 31. சோபகிருதுவில் வைகாசி 32, ஆனி 31, ஆடி 32. மூன்றும் தலைகீழ். கணக்கிட்டால் ஆனி 1 ஜூன் 15 என்று வரும், உண்மையில் அது ஜூன் 16. ஆடி 1 இரண்டிலும் ஜூலை 17, ஆக அங்கே பிழை தானாகச் சரியாகிவிடுகிறது. பிறகு ஆவணி 1 ஆகஸ்ட் 17 என்று வரும், உண்மை ஆகஸ்ட் 18. புரட்டாசி 1 செப்டம்பர் 17 என்று வரும், உண்மை 18. ஐப்பசி, கார்த்திகை சரி. மார்கழி 1 மறுபடி தவறு: கணக்கு டிசம்பர் 16 என்கிறது, உண்மை 17.

இந்தப் பிழையை மோசமாக்குவது அது விட்டுவிட்டு வருவதுதான். ஆடியிலும் தையிலும் சோதித்தவர் எல்லாம் சரி என்று முடிவு கட்டுவார். தொடக்கத் தேதிப் பட்டியலில் ஒரு தேதியைத் தவறாகத் தட்டச்சு செய்தால்கூட சேதம் அந்த மாதத்தோடும் முந்தைய மாதத்தின் கடைசி நாள்களோடும் நின்றுவிடும். அடுத்த மாதம் தன் சொந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது. நீளப் பட்டியலில் ஒரு பிழை அதற்குப் பின்வரும் எல்லா மாதத்தையும் தள்ளிவிடும்.

பொங்கல் 14, 14, 15, 15 என்று நான்காண்டுச் சுழற்சியில் வருகிறதே. அதை வைத்து அடுத்த இருபது ஆண்டுப் பட்டியலை நிரப்பிவிடலாமா?

2026 அந்தச் சுழற்சியை உடைத்துவிட்டது. 2021, 2022: 14. 2023, 2024: 15. 2025: 14. சுழற்சிப்படி 2026உம் 14 ஆகியிருக்க வேண்டும். ஆனால் தை 1 ஜனவரி 15 அன்று வந்தது.

காரணத்தை நாழிகைக் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு நாள் 60 நாழிகை, ஒரு நாழிகை 60 விநாடி, ஒரு விநாடி 60 தற்பரை. வாக்கிய முறையில் ஓர் ஆண்டின் நீளம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. இதை நான்கால் பெருக்கினால் 1461 நாள், 2 நாழிகை, 5 விநாடி. ஆங்கில நாட்காட்டியில் நான்கு ஆண்டு, ஒரு லீப் நாள் சேர்த்து, சரியாக 1461 நாள். மிச்சம் இருக்கும் 2 நாழிகை 5 விநாடி என்பது 50 நிமிடம். ஆக ஒவ்வொரு நான்காண்டுக்கும் சங்கராந்தி 50 நிமிடம் பின்னால் நகர்கிறது.

2022 ஜனவரி 14 அன்று மகர சங்கராந்தி சூரிய மறைவுக்குச் சற்று முன்னால் நிகழ்ந்தது. அன்றே தை 1. நான்காண்டு கழித்து, 2026 ஜனவரி 14 அன்று, அதே நிகழ்வு 50 நிமிடம் தள்ளிச் சூரியன் மறைந்த பிறகு வந்தது. விதிப்படி தை 1 மறுநாளுக்குப் போனது. பன்னிரண்டு மாதமும் இப்படி வெவ்வேறு ஆண்டில் எல்லையைத் தாண்டும். அதனால் அடுத்த ஆண்டுகளை ஊகித்து நிரப்பாதீர்கள். பஞ்சாங்கம் வெளிவந்தவுடன் பன்னிரண்டு தேதிகளைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. பங்குனி பிறக்கும்போது செய்ய வேண்டியது என்று நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பஞ்சாங்கங்களில் இரண்டு தேதி இருக்கிறது. எதைப் பட்டியலில் போடுவது?

ஒன்று வாக்கியமாக இருக்கும், மற்றொன்று திருக்கணிதமாக இருக்கும். வாக்கியம் பழைய சூத்திரங்களின்படி சூரியனின் இடத்தைக் கணிக்கிறது. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கைப் பயன்படுத்துகிறது. சங்கராந்தி நேரத்தில் இரண்டுக்கும் சில மணி வேறுபாடு வரும். பெரும்பாலான மாதங்களில் அது தேதியை மாற்றாது. சங்கராந்தி மாலை நேரத்தை ஒட்டி வரும் மாதங்களில்தான் ஒரு நாள் வேறுபாடாக வெளிப்படும்.

2026 பொங்கலே நல்ல எடுத்துக்காட்டு. திருக்கணிதப்படி சூரியன் மகரத்தில் நுழைந்தது ஜனவரி 14 பிற்பகல் மூன்று மணி அளவில். பகலிலேயே நுழைந்துவிட்டதால் அன்றே தை பிறக்கும். வாக்கியப்படி மாலைக்குப் பின், ஆகவே 15. தமிழக அரசின் பொங்கல் விடுமுறை 15ஆம் தேதியாக இருந்தது.

பொதுமக்கள் பார்க்கும் தளத்துக்கு எங்கள் பரிந்துரை வாக்கியம். பாம்புப் பஞ்சாங்கம் அந்த வகை. தமிழகத்தில் கிழிக்கும் தினசரிக் காலண்டர்கள் பெரும்பாலும் அதோடுதான் ஒத்துப்போகின்றன. பயனர் உங்கள் தளத்தை ஒப்பிட்டுப் பார்க்கப்போவது அந்தக் காலண்டரோடுதான். குறிப்பிட்ட ஒரு கோயிலுக்கோ மடத்துக்கோ செய்கிறீர்கள் என்றால் அவர்கள் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள் என்று கேட்டு அதையே போடுங்கள். எதை எடுத்தாலும் பன்னிரண்டு தேதியும் ஒரே பஞ்சாங்கத்திலிருந்து வரட்டும். ஏழு மாதம் ஒன்றிலிருந்தும் ஐந்து மாதம் இன்னொன்றிலிருந்தும் எடுத்த பட்டியலில் 28 நாள் மாதமோ 33 நாள் மாதமோ முளைக்கலாம்.

மலையாள மாதப் பிறப்புத் தேதிகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. சிங்கம் என்பது ஆவணிதானே, அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கேரளத்தில் எல்லை சூரிய மறைவு அல்ல. பகலை ஐந்தாகப் பிரித்து மூன்று பங்கு முடியும் நேரம், அதாவது பிற்பகல் ஏறத்தாழ 1:12 மணி. அதோடு கணித முறையும் வேறுபடலாம். 2023இல் சிங்கம் 1 ஆகஸ்ட் 17, ஆவணி 1 ஆகஸ்ட் 18. பல மாதங்கள் ஒத்துப்போகும் என்பதுதான் இதில் ஏமாற்றுவது.

உலாவியிலேயே இந்திய நாட்காட்டி இருக்கிறதாமே? பட்டியலே இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாதா?

`ta-IN-u-ca-indian` என்று கேட்டால் கிடைப்பது இந்திய தேசிய நாட்காட்டி, அதாவது சக ஆண்டு. அதன் ஆண்டுப் பிறப்பு மார்ச் 22, லீப் ஆண்டில் மார்ச் 21. 2026 ஜனவரி 15 அதில் சக 1947 பௌஷ மாதம் 25. நமக்கோ அன்று தை 1. இரண்டும் முற்றிலும் வேறு. மொழியைத் தமிழாக்கினால் எழுத்து தமிழில் வரும், கணக்கு மாறாது. எழுத்து தமிழில் இருப்பதால் பார்ப்பவர் தமிழ் மாதம் என்றே நினைத்துவிடுவார், அதுதான் ஆபத்து.

மாதப் பெயர்களில் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்ள எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று இடங்களில் கண் வையுங்கள். ஆனிக்கு இரட்டைச் சுழி ‘ன’. மூன்று சுழி ‘ண’ போட்டால் ஆணி, சுவரில் அடிப்பது. ஆவணிக்கு நேர்மாறாக ‘ண’. இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதும்போது கை தடுமாறுவது இயல்பு.

ஐப்பசியில் வரும் பிழை கண்ணுக்குத் தெரியாது. ‘ஐ’ உயிரெழுத்துக்குப் பதிலாக ‘ஜ’ என்ற கிரந்த எழுத்தைத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பயனர் ‘ஐப்பசி’ என்று தேடும்போது உங்கள் பக்கம் அகப்படாது, நிரலில் பெயரை ஒப்பிடும் இடமும் பொய்க்கும். `"ஐப்பசி".codePointAt(0).toString(16)` என்று ஓட்டிப் பாருங்கள். `b90` வந்தால் ஐ, `b9c` வந்தால் ஜ.

பெயர்களை ஒவ்வோர் ஆண்டு வரியிலும் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வதைவிட, பன்னிரண்டு பெயர்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டு வரிகளில் 1 முதல் 12 வரை எண்ணை வைத்தால் திருத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாகிவிடும்.

தமிழ் ஆண்டின் பெயரையும் சேர்த்துக் காட்டலாமா?

காட்டலாம். அறுபது பெயர்களையும் பிரபவ முதல் அட்சய வரை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய சுற்றில் பிரபவ 1987 ஏப்ரலில் பிறந்தது. ஆண்டிலிருந்து 1987ஐக் கழித்து 60ஆல் வகுத்த மீதிதான் வரிசை எண், பூஜ்யத்திலிருந்து எண்ணினால். 2025 − 1987 = 38; பூஜ்யத்திலிருந்து 38ஆவது விசுவாவசு.

கழிக்க வேண்டியது அந்தத் தமிழ் ஆண்டின் சித்திரை 1 விழுந்த ஆங்கில ஆண்டை. இன்றைய தேதியில் உள்ள ஆண்டை எடுத்தால் 2026 ஜனவரியில் ‘பராபவ’ என்று வந்துவிடும். ஏப்ரல் 13 வரை விசுவாவசுதான். ஆகவே ஒவ்வொரு வரியிலும் ஆண்டு எண்ணையும் சேர்த்து வைப்பது நல்லது. தை, மாசி, பங்குனி வரிகளிலும் அது 2025 என்றே இருக்க வேண்டும்.

பயனர் லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்தால் பட்டியலை மாற்ற வேண்டுமா?

பட்டியலை மாற்ற வேண்டாம். ‘இன்று’ என்ன தேதி என்பதை எந்த ஊர் நேரத்தில் எடுப்பது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். பயனர் தானே ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தேதியை அப்படியே பட்டியலில் தேடுங்கள், நேர மண்டலத்தை அதில் கலக்கவே கூடாது. தேர்ந்தெடுத்த தேதியை நேரத்தோடு சேர்ந்த மதிப்பாக மாற்றி மீண்டும் தேதியாக்கும் நிரல்கள்தான் டொராண்டோவில் தை 1ஐ மார்கழி 30 ஆக்குகின்றன.

இரவு 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு எந்தத் தமிழ்த் தேதி?

இந்த அட்டவணை நள்ளிரவில் நாளை மாற்றுகிறது. பஞ்சாங்க மரபில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால், விடியலுக்கு முந்தைய நேரம் முந்தைய தமிழ்த் தேதியைச் சேரும். ஜாதகத் தேவைக்கு என்றால் பிறந்த நேரத்தையும் கேட்டு, அது அந்த ஊரின் உதயத்துக்கு முன் இருந்தால் ஒரு நாள் குறைத்த தேதியைத் தேடுங்கள். தேதியைக் குறைத்த பிறகு தேடுவது முக்கியம். விடையில் வந்த நாள் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் தை 1 அன்று தை 0 ஆகிவிடும்.

புதிய ஆண்டின் தேதிகளைச் சேர்த்த பிறகு சரியா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் அடுத்தடுத்த இரு தேதிகளின் இடைவெளியைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 29க்குக் குறையாமலும் 32க்கு மிகாமலும் இருக்க வேண்டும். 32 நாள் வந்தால் அது பெரும்பாலும் வைகாசி, ஆனி, ஆடி மூன்றில் ஒன்றாக இருக்கும். 29 நாள் ஐப்பசி முதல் மாசி வரை உள்ள மாதங்களில் மட்டுமே வரும். பன்னிரண்டு நீளங்களையும் கூட்டினால் 365 அல்லது 366. மேலே உள்ள விசுவாவசு பட்டியலின் கூட்டல் 365. சோபகிருதுவுக்கு 366 வரும்.

இந்தச் சோதனை தட்டச்சுப் பிழைகளில் பலவற்றைப் பிடித்துவிடும், ஆனால் ஒரு நாள் பிசகியதை எப்போதும் பிடிக்காது. ஐப்பசி 30, கார்த்திகை 29 என்பதற்குப் பதில் 29, 30 என்று மாறினாலும் கூட்டல் ஒன்றே. அதற்கு வெளியிலிருந்து சான்று வேண்டும். தை 1ஐ அரசு விடுமுறைப் பட்டியலின் பொங்கல் தேதியோடும், ஆடி 18ஐ ஆடிப்பெருக்கு அறிவிப்போடும், கார்த்திகை 1ஐ ஐயப்ப பக்தர்கள் மாலை போடும் நாளோடும் ஒப்பிடுங்கள். மீதி மாதங்களுக்குத் தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாள் தாளையும் அதற்கு முந்தைய நாள் தாளையும் புரட்டிப் பாருங்கள். மொத்தம் இருபத்து நான்கு தாள். நிரலின் விடையை அந்த இருபத்து நான்கோடும் ஒப்பிட்டு, எல்லாம் ஒத்துப்போன பிறகே பட்டியலைத் தளத்தில் ஏற்றுங்கள்.